பாறசாலை எல்லையும் சைகையின் எல்லையும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. இரண்டையும் காதால் கேளாத ஒருவர் இங்கே எந்த மொழிக்காரர்? இந்தக் கருத்தரங்கு தொடங்க வேண்டிய கேள்வி அதுதான்.

சைகை என்றால் உலகெங்கும் ஒன்றுதானே என்று படித்தவர்களே கேட்பதுண்டு. இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் அந்நாடுகளின் காது கேளாதோர் சைகையில் பேசிக்கொண்டால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பிடிபடாது. 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கியபோது அங்கே பாடம் நடத்தியவர் லாரன் கிளேர் என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்கும் காது கேளாது. அதனால் அமெரிக்கச் சைகைக்குப் பாரிஸ்தான் உறவு, லண்டன் அல்ல.

சைகை பேச்சுமொழியின் நிழலும் அல்ல. 'கொடுத்தேன்', 'கொடுத்தான்' என்று தமிழ் வினையின் விகுதியே கொடுத்தவரைக் காட்டிவிடும். மலையாளத்தில் அந்த விகுதி உதிர்ந்துபோயிற்று. யாராயினும் 'கொடுத்து' என்பதே. இந்திய சைகை மொழியில் கொடுப்பவர் இருக்கும் இடத்திலிருந்து பெறுபவர் இருக்கும் இடத்துக்குக் கை நகர்கிறது. கொடுத்தவரும் பெற்றவரும் அந்த ஒரே அசைவில் வந்துவிடுகிறார்கள். வேற்றுமை உருபுக்கு வேலையில்லை.

'எங்கே போகிறாய்?' என்பதில் தமிழின் வினாச்சொல் வினைக்கு முன்னால் வருகிறது. சைகையில் அது வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வினாவுக்குப் பொதுவாக ஒரு சைகை உண்டு. அதற்கு முன் 'முகம்' சேர்ந்தால் 'யார்', 'இடம்' சேர்ந்தால் 'எங்கே'. இது தமிழுமல்ல, மலையாளமுமல்ல. பேச்சு வரிசைப்படியே சைகைகளை அடுக்கிக் காட்டும் வகுப்பறைப் பழக்கம் இந்த இலக்கணத்தைத்தான் கலைத்துவிடுகிறது.

மொழியியலாளர் உல்ரிக்கே செஷான் டெல்லியிலும் கராச்சியிலும் ஆராய்ந்து, இரு நகரங்களின் சைகை இலக்கணமும் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டார். நாட்டு எல்லையே பிரிக்காத இலக்கணத்தைக் களியக்காவிளைச் சோதனைச் சாவடி பிரித்துவிடாது. வேறுபாடு சொற்களில் வருகிறது. 1970களில் வசிஷ்டாவும் உட்வர்டும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் சைகைகளை ஒப்பிட்டபோது, இலக்கணம் பொதுவாகவும் சொற்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு உறவுடையனவாகவும் இருந்தன.

இத்தகைய சொல் வேறுபாடு விளைய பள்ளிகளும் ஒரு காரணம். காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். மொழி வீட்டில் கிடைப்பதில்லை, பள்ளித் தோழர்களிடம் கிடைக்கிறது. பாறசாலைக் குழந்தை திருவனந்தபுரத்துக்கும் களியக்காவிளைக் குழந்தை பாளையங்கோட்டைக்கும் படிக்கப் போனால், அண்டை வீட்டாராயினும் சில சைகைகள் வேறுபடும். விரலெழுத்தில் பிரிவு இன்னும் தெளிவு: திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள 'நிஷ்' நிறுவனம் மலையாள எழுத்துகளுக்கென்றே ஒரு விரலெழுத்து முறையை வகுத்திருக்கிறது.

எனவே, இந்த எல்லைக் கிராமங்களில் சைகை சேகரிக்கப் போகும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படிவத்தின் முதல் கட்டத்தில் தாய்மொழியைக் கேட்க வேண்டாம், எந்தப் பள்ளியில், எந்த வயதில் சேர்ந்தார் என்பதைக் கேளுங்கள்.