கால அட்டவணையும் நள்ளிரவும்



நான் குடியிருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து திருச்செந்தூருக்குப் போக விரும்பும் ஒருவரை இன்று நம்முடன் அழைத்துக்கொள்வோம். அவர் தாம்பரத்தில் இரவு வண்டி ஏறித் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டியில் திருச்செந்தூர் சேர வேண்டும். நான் சொல்லும் நேரங்கள் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவை. மெய்யான நேரங்களை அன்றைய அட்டவணையில் காண்க. அவை அவ்வப்போது மாறும்.

வண்டி தாம்பரத்தில் 21.10க்குப் புறப்படுகிறது, திருச்சிராப்பள்ளிக்கு 01.05க்கும், திருநெல்வேலிக்கு 06.40க்கும் வருகிறது. ஒவ்வோர் ஊருக்கும் வருகை, புறப்பாடு என இரண்டு நேரங்கள் இருக்கும். ஏறுகின்றவருக்குப் புறப்பாடும் இறங்குகின்றவருக்கு வருகையும் வேண்டும். பயணம் எத்தனை மணி நேரம் என்று அறிய, 06.40இலிருந்து 21.10ஐக் கழிக்க முயன்றால் கணக்கு முட்டிக்கொள்ளும். நள்ளிரவில் கணக்கை இரண்டாக வெட்டுங்கள். 21.10 முதல் 24.00 வரை 2 மணி 50 நிமிடம். அதன்பின் 6 மணி 40 நிமிடம். ஆக 9 மணி 30 நிமிடம்.

இந்த நள்ளிரவு கழித்தலை மட்டுமன்றி, தேதியையும் குழப்பும். என்னிடம் படித்த ஓர் இளைஞர் திருச்சியில் பணியாற்றி வந்தார். சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் அவருக்கு ஒரு நேர்முகத் தேர்வு. 'வெள்ளிக்கிழமை இரவு வண்டி' என்று எண்ணி, திருச்சியில் ஏற வெள்ளிக்கிழமைத் தேதியிட்டு முன்பதிவு செய்தார். வெள்ளி இரவு உணவருந்திவிட்டு நிலையம் சென்றார். வண்டியும் வந்தது. ஆனால் அவருடைய படுக்கையில் வேறொருவர் உறங்கிக்கொண்டிருந்தார்! அவர் சீட்டுக்குரிய வண்டி, வெள்ளிக்கிழமை பிறந்த ஒரு மணி நேரத்தில், அதாவது முந்தைய நாள் இரவே போய்விட்டது. வெள்ளி இரவு 01.05 என்பது சனிக்கிழமை. சென்னையில் ஏறுபவருக்கு வெள்ளிக்கிழமைச் சீட்டு; அதே வண்டியில் திருச்சியில் ஏறுபவருக்குச் சனிக்கிழமைச் சீட்டு. பாவம், அவர் முன்பதிவில்லாப் பெட்டிக்குச் சீட்டு வாங்கி நின்றுகொண்டே போனார். வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் வண்டிகளிலும் இதைக் கவனியுங்கள்: அட்டவணையில் குறித்த கிழமை பொதுவாக வண்டி புறப்படும் ஊருக்கு உரியது.

இனித் தொடர்வண்டியைப் பார்ப்போம். திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டி 07.20க்குப் புறப்படுகிறது என்க. முதல் வண்டியின் வருகை 06.40. இடைவெளி 40 நிமிடம். மூட்டையுடன் மேம்பாலம் ஏறி நடைமேடை மாற 10 நிமிடம் போனால், தாமதத்தைத் தாங்க 30 நிமிடம் மிஞ்சும். இது போதுமா?

இதற்கு விடையை அட்டவணையே ஒளித்து வைத்திருக்கிறது. வண்டி வாஞ்சி மணியாச்சியை விட்டு 05.25க்குப் புறப்படுகிறது என்று போட்டிருக்கும். அங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதற்கு 75 நிமிடமா? எதிர்த்திசையில் புறப்படும் வண்டியைப் பாருங்கள். அது அதே தொலைவை அரை மணியில் கடந்துவிடும். மிகுதியான 45 நிமிடம், வழியில் இழந்த நேரத்தை ஈடுகட்ட, பயணம் முடியும் ஊருக்கு முன்னே சேர்த்து வைத்த நேரம். ஆகவே மணியாச்சியில் 40 நிமிடம் பிந்தி 06.05க்குப் புறப்பட்டாலும், தடையின்றி ஓடினால் 06.35க்கே திருநெல்வேலி சேரலாம். ஈடுகட்டும் 45 நிமிடமும் கைவசமுள்ள 30 நிமிடமும் சேர்ந்து, மணியாச்சியில் 75 நிமிடத் தாமதம் வரை நம் பயணி அஞ்ச வேண்டியதில்லை. வண்டி 90 நிமிடம் பிந்தினால் 07.25க்குத்தான் வந்து சேரும். திருச்செந்தூர் வண்டி ஐந்து நிமிடம் முன்னே போயிருக்கும்.

அதே வண்டியில் வந்து, மணியாச்சியில் இறங்கித் தூத்துக்குடி வண்டி பிடிக்க எண்ணியவர் நிலை வேறு. அவருக்கு 20 நிமிட இடைவெளி இருந்தால், 25 நிமிடத் தாமதமே அவரைக் கவிழ்த்துவிடும். சேமித்த நேரம் அவர் இறங்கிய பிறகல்லவா வருகிறது! அவருக்காக இரண்டாம் வண்டி காத்திருக்கும் என்றும் எதிர்பார்ப்பதற்கில்லை. அட்டவணையில் இரண்டு நேரங்கள் பொருந்தி நிற்பது வேறு, ஒரு வண்டிக்காக மற்றொன்றை நிறுத்திவைப்பது வேறு. ஆகவே இடைவழிச் சந்திப்பில் மாறுவோர் தாராளமான இடைவெளி வைத்துக்கொள்வதோடு, அடுத்த வண்டி எப்போது என்பதையும் முன்னரே குறித்துக்கொள்வது நல்லது.

திரும்பும் பயணத்தில் இக்கணக்கு நம் பக்கம் திரும்புகிறது. எழும்பூரில் முடியும் வண்டிகளுக்கு, தாம்பரத்திற்கும் எழும்பூருக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இத்தகைய உபரி நேரம் இருப்பதைக் காணலாம். எழும்பூர் வரை போகிறவர் சரியான நேரத்தில் இறங்க, அதே வண்டியில் தாம்பரத்தில் இறங்கும் நாம் இருபது நிமிடம் பிந்தியே இறங்கியிருப்போம். அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கம் செல்ல யாரையேனும் வண்டியுடன் வரச் சொல்வதானால், செங்கற்பட்டு தாண்டிய பிறகு நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.