ஓட வேண்டிய நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்



மொட்டை மாடியில் செடி வளர்ப்பவர்கள் சிலர், ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் 12 வோல்ட் சிறு பம்பு ஒன்றைப் போட்டு, சொட்டுநீர்க் குழாய் வழியாகத் தொட்டிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்தப் பம்பைக் கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக ஓட்டுவது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். ஓட விடுவது எளிது. சரியான நேரத்தில் நிற்க வைப்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய வேலை.

முக்கியமான சாமான்கள் மூன்று. ஆர்டுயினோ ஊனோ போர்டு, HC-05 என்கிற ப்ளூடூத் மாட்யூல், 5 வோல்ட் ரிலே போர்டு. கைப்பேசி அனுப்பும் எழுத்துகளை HC-05 வாங்கி ஆர்டுயினோவிடம் கொடுக்கும். ஆர்டுயினோ அதைப் படித்துப் பார்த்து ரிலேயைத் தட்டும். பம்புக்குப் போகும் 12 வோல்ட் வயரை ரிலே இணைக்கும் அல்லது துண்டிக்கும். ரிலேயில் COM, NO, NC என்று மூன்று திருகு முனைகள் இருக்கும். அடாப்டரிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரை COM முனையிலும், பம்புக்குப் போகும் வயரை NO முனையிலும் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் ரிலேக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் பம்பு நின்றே இருக்கும். பம்புக்கு அதன் சொந்த அடாப்டர் இருக்கட்டும். ஆர்டுயினோ போர்டிலிருந்து பம்புக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது.

HC-05 மாட்யூலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் RXD கால் 3.3 வோல்ட்டுக்கு ஏற்றது. ஆர்டுயினோவோ 5 வோல்ட் அனுப்புகிறது. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களை வைத்துப் பிரித்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட் மட்டும் போய்ச் சேரும். இந்த இரண்டு ரெசிஸ்டரும் இல்லாமலேயே பல இடங்களில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனாலும் போடுங்கள். மாட்யூலின் ஆயுளை அது காப்பாற்றும்.

இனி இணைப்புக்கு வருவோம். மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்ததும் அதிலுள்ள சிறு விளக்கு படபடவென்று மின்னும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ப்ளூடூத் பக்கத்தில் தேடினால் HC-05 என்ற பெயர் வரும். தொட்டால் பின் எண் கேட்கும். பெரும்பாலும் 1234, சிலவற்றில் 0000. கொடுத்ததும் பேரிங் முடிந்தது என்று கைப்பேசி சொல்லிவிடும். ஆனால் மாட்யூலின் விளக்கு முன்பு போலவே படபடவென்று மின்னிக்கொண்டுதான் இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் மாட்யூல் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. பேர் செய்வது என்பது ஒருவருடைய எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைப்பது மாதிரி. அழைப்பு இன்னும் போகவில்லை. Serial Bluetooth Terminal போன்ற ஒரு செயலியைத் திறந்து, பட்டியலில் HC-05 பெயரைத் தேர்ந்தெடுத்து, இணைக்கும் பொத்தானை அழுத்தும்போதுதான் தொடர்பு கிடைக்கிறது. கிடைத்ததும் விளக்கின் தாளம் மாறும். சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை, இரண்டு குட்டி மின்னல்களாக வரும். அந்தத் தாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசிதான் இணைய முடியும். வீட்டில் இன்னொருவர் கைப்பேசி இணைப்பைப் பிடித்து வைத்திருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாட்யூல் உதவாது. அவர்கள் HM-10 போன்ற பிஎல்இ வகை மாட்யூலை வாங்க வேண்டும்.

தொடர்பு கிடைத்துவிட்டது. என்ன சொல்லி அனுப்புவது? சிலர் சொல்லித்தரும் முறையில் ஒரே எழுத்துதான். A அனுப்பினால் ஓடும், இன்னொரு முறை A அனுப்பினால் நிற்கும். இந்த முறையை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு எழுத்து தவறிப் போனாலும், விரல் இரண்டு முறை பட்டாலும், நீங்கள் நின்றிருப்பதாக நினைக்கும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். ஓடுவதற்கு ஒரு கட்டளை, நிற்பதற்கு ஒரு கட்டளை என்று தனித்தனியாக வைத்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் அதுவும் போதாது.

நீங்கள் மாடியில் நின்று பம்பை ஓட விட்டீர்கள். கீழே யாரோ கூப்பிட்டார்கள், கைப்பேசியோடு இறங்கிப் போய்விட்டீர்கள். இந்த மாட்யூல் எட்டும் தூரம் வெட்டவெளியிலேயே சுமார் 10 மீட்டர்தான். நடுவில் கான்கிரீட் தளம் வந்தால் இன்னும் குறையும். தொடர்பு அறுந்துவிட்டது. பம்பு என்ன செய்யும்? ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த கட்டளை எதுவோ, அதே நிலையில் ரிலே நிற்கும். எதிர்முனையில் ஆள் இல்லை என்று ஆர்டுயினோவுக்குத் தானாகத் தெரியாது. டிரம் வற்றி, தண்ணீர் இல்லாமல் ஓடிப் பம்பும் கெட்டுப்போகும்.

மாட்யூலில் STATE என்று ஒரு கால் இருக்கிறது, தொடர்பு இருக்கிறதா என்று அது காட்டும், அதை வைத்து நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் பாசனம் முடியும்வரை கைப்பேசியோடு மாடியிலேயே நிற்க வேண்டும். அதைவிட, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதையும் கட்டளையிலேயே சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது. எழுதிக்கொள்ளுங்கள்:

```
R1=300
OK R1=300
R1?
R1=214
R1=0
OK R1=0
```

ஆர், ஒன்று, சமக்குறி, முந்நூறு. முதலாம் ரிலே 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம் ஓடட்டும் என்று பொருள். போர்டு அதையே OK சேர்த்துத் திருப்பிச் சொல்கிறது. திரையில் அந்தப் பதில் வந்தால்தான் கட்டளை போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்விக்குறி போட்டுக் கேட்டால் இன்னும் எத்தனை விநாடி பாக்கி என்று சொல்லும். பூஜ்யம் அனுப்பினால் உடனே நிற்கும். ஒரே கட்டளையை இரண்டு முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை, நேரம் முதலிலிருந்து எண்ணப்படும், அவ்வளவுதான். 600-க்கு மேல் எந்த எண் வந்தாலும், எண்ணே இல்லாமல் வந்தாலும், ERR என்று பதில் கொடுத்துவிட்டு ரிலேயைத் தொடாமல் விட வேண்டும்.

ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத புதுவரிக் குறி ஒன்று போக வேண்டும். அது வந்த பிறகுதான் ஆர்டுயினோ கட்டளை முழுமையாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் 300 என்று அனுப்பியதில் 30 மட்டும் வந்த நேரத்திலேயே அது வேலையைத் தொடங்கிவிடலாம். செயலியின் அமைப்புகளில் Newline என்று ஓர் இடம் இருக்கும். அதில் None இருந்தால் கட்டளைகள் போய்க் குவியுமே தவிர ஒன்றும் நடக்காது. பதில் வந்தும் புரியாத குறிகளாக வந்தால் வேகம் ஒத்துப்போகவில்லை. HC-05 வழக்கமாக 9600-ல் பேசும், நிரலிலும் அதே எண் இருக்க வேண்டும். பதிலே வரவில்லை என்றால் TXD, RXD வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிரல் எழுதும்போது இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை தலைகீழாக வேலை செய்பவை. LOW கொடுத்தால் ஒட்டும், HIGH கொடுத்தால் விடும். ஆகவே மின்சாரம் வந்தவுடன் pinMode முதலில் கொடுத்தால் ரிலே ஒரு கணம் டக்கென்று ஒட்டிவிடும். digitalWrite மூலம் HIGH கொடுத்துவிட்டு, அதற்கடுத்த வரியில் pinMode கொடுங்கள். சத்தம் வராது.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. ஆர்டுயினோ நேரத்தை மில்லி விநாடியில் எண்ணுகிறது. ஆகவே 300-ஐ 1000-ஆல் பெருக்க வேண்டும். ஆனால் ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 32,767 வரைதான் இடம். அதற்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் ஆகிவிடலாம். அந்த மைனஸ் எண்ணை நேரக் கணக்கில் சேர்க்கும்போது ஏறக்குறைய 49 நாள் என்று ஆகிவிடும். பத்து விநாடி கொடுத்துச் சோதித்தால் சரியாக நிற்கும். முப்பது கொடுத்தாலும் நிற்கும். நாற்பது கொடுத்தால் நிற்கவே நிற்காது. சோதனையில் தேறி, தோட்டத்தில் தவறும் பிழை இது. தீர்வு ஒரே ஒரு மாற்றம், 1000 என்பதை இப்படி எழுத வேண்டும்:

```
unsigned long neram = vinadi * 1000UL;
```

நேரம் முடிந்ததா என்று பார்க்க delay பயன்படுத்தாதீர்கள். ஐந்து நிமிடமும் ஆர்டுயினோ காது கேட்காமல் நிற்கும், நீங்கள் பூஜ்யம் அனுப்பினாலும் கவனிக்காது. millis-ஐப் பார்த்துக்கொண்டே சுற்றிவரும்படி எழுத வேண்டும்.

பம்பு தொடங்கிய அந்த நொடியே தொடர்பு அறுந்து, மாட்யூல் விளக்கு மறுபடி படபடவென்று மின்னினால், பம்பின் மின் இரைச்சல் போர்டைத் தாக்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பம்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 1N4007 டயோடு ஒன்றை, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி, வையுங்கள். ரிலேக்கும் மாட்யூலுக்கும் வரும் 5 வோல்ட் தனி அடாப்டரிலிருந்து வரட்டும்.

இதே ரிலேயில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, கிணற்று மோட்டாரை மாட்டிவிடாதீர்கள். மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், நிரலில் என்ன எழுதியிருந்தாலும் மோட்டார் நிற்காது. அதற்குக் கான்டாக்டர் வேண்டும், வீட்டு மின்சாரத்தைத் தொட எலெக்ட்ரீஷியன் வேண்டும்.

பம்பை மாட்டுவதற்கு முன் ரிலேயை மட்டும் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். R1=60 அனுப்புங்கள். OK வந்ததும் கைப்பேசியில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆனதும் ரிலே டக்கென்று விட வேண்டும். விடவில்லை என்றால் 1000-க்குப் பக்கத்தில் UL இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டுவிட்டால் பம்பு வயரை மாட்டலாம்.