மஞ்சப்பைக்கு ஆன துணியும் கொடுத்த விலையும்

(கூட்டமைப்பு ஆண்டுக் கூட்டத்தில், உற்பத்திக் குழுப் பொறுப்பாளர்களுக்காக ஆற்றிய உரை)



நம்மில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். அங்கே ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆச்சு என்று ஒத்துப் பார்ப்பார்கள். இதற்கு ஸ்டாண்டர்ட் காஸ்டிங் என்று பெயர். தமிழில் நிர்ணயச் செலவுக் கணக்கு என்று சொல்லலாம். பெயர் பெரிசாக இருந்தாலும் இது தையல் தொழிலோடு பழக்கப்பட்ட கணக்குதான். சார்ட்டர் ஹாரிசன் என்பவர் 1911-ல் அமெரிக்காவில் முதன்முதலாக இதை முழு முறையாக அமைத்தது, கையுறை தைக்கிற ஒரு தொழிற்சாலையில்தான்.

இன்றைக்கு இதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்ப்போம். செலவு கூடிப்போச்சு என்றால், விலையால் கூடியதா, அளவால் கூடியதா என்று எப்படிப் பிரிப்பது? பிரித்தால் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன தெரியும்?

உதாரணத்துக்குத் துணிப்பையை எடுத்துக்கொள்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு பை தைக்கிற குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. நான் சொல்லப்போகிற தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் நிர்ணயம். பை 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம். அடிப்பக்கம் மடிப்பு, தையல் கிடையாது. ஆகவே ஒரு பைக்கு ஒரே துண்டு. இரண்டு பக்க உயரம் 32 அங்குலம், வாய் மடிக்க இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை, மொத்தம் 35 அங்குலம். அகலத்தில் தையலுக்கு ஒரு அங்குலம் விட்டால் 15. கைப்பிடி நாடாவைத் தனியாக வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். துணி 36 அங்குலப் பன்னா. துண்டின் 35 அங்குல நீளத்தைப் பன்னாவுக்குக் குறுக்கே போட்டால் சரியாக உட்கார்ந்துவிடும். மிச்சம் ஒரு அங்குலம் கரைக்குப் போகும். ஒவ்வொரு பைக்கும் துணி நீளத்தில் 15 அங்குலம் ஓடும். நூறு பைக்கு 1500 அங்குலம், அதாவது 38 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. முனைத்துண்டு, பழுது இதற்கெல்லாம் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 40 மீட்டர். ஆக நிர்ணய அளவு நூறு பைக்கு 40 மீட்டர். நிர்ணய விலை மீட்டர் 60 ரூபாய். ஆயிரம் பைக்கு 400 மீட்டர், 24,000 ரூபாய்.

இனி நடந்ததைப் பார்ப்போம். கொள்முதல் பார்க்கும் அக்கா மீட்டர் 54 ரூபாய்க்கே துணி பிடித்துக்கொண்டு வந்தார். ஆயிரம் நல்ல பை தைத்து முடித்தபோது 470 மீட்டர் ஓடியிருந்தது. 470-ஐ 54-ஆல் பெருக்கினால் 25,380 ரூபாய். நிர்ணயத்தைவிட 1,380 ரூபாய் அதிகம்.

இந்த 1,380 என்ற ஒற்றைத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தால் சண்டைதான் வரும். "நான் மீட்டருக்கு ஆறு ரூபாய் குறைச்சு வாங்கினேன், வெட்டுறவங்க வீணடிச்சிட்டாங்க" என்று ஒருவர் சொல்வார். வெட்டினவர் வாயடைத்து நிற்பார். அதனால் பிரித்துப் பார்ப்போம்.

விலை வித்தியாசம்: மீட்டருக்கு 6 ரூபாய் குறைவு. வாங்கியது 470 மீட்டர். ஆறு பெருக்கல் 470, 2,820 ரூபாய். இது நமக்குச் சாதகம்.

அளவு வித்தியாசம்: 400 மீட்டரில் முடியவேண்டியது 470 ஆச்சு. அதிகம் 70 மீட்டர். இதை நிர்ணய விலையான 60-ஆல் பெருக்கினால் 4,200 ரூபாய். இது பாதகம்.

பாதகம் 4,200-ல் சாதகம் 2,820-ஐக் கழித்தால் அதே 1,380. கணக்கு ஒத்துப்போகிறது.

அளவு வித்தியாசத்தை ஏன் 54-ஆல் பெருக்கவில்லை என்று ஒரு கேள்வி வரும். கடையில் என்ன விலை கொடுத்தோம் என்பது வெட்டுகிறவர் கையில் இல்லை. இன்றைக்கு 54, நாளைக்கு 69 என்று விலை மாறினால், அதே 70 மீட்டர் வீணுக்கு ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தொகை வரும். வெட்டும் மேசையில் நடந்ததை மட்டும் தனியாகப் பார்க்கவேண்டும் என்றால் விலையை அசையாமல் வைத்துக்கொள்ளவேண்டும். அதனால்தான் நிர்ணய விலை.

இப்போது உற்பத்தி பார்க்கிறவரின் வேலை தொடங்குகிறது. அளவு வித்தியாசம் பாதகம் என்றதும் வெட்டினவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால், மிச்சத் துணியைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நம் உதாரணத்தில் குப்பைக் கூடையில் என்ன கிடக்கிறது? நாலரை அங்குல அகலத்தில் நீள நீளமான நாடாக்கள், எல்லாம் ஒரே அகலம். கை தவறி வெட்டினால் இப்படி ஒரே மாதிரி வராது. மிச்சமிருக்கும் துணியை விரித்து டேப் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். பன்னா 36 இல்லை, முப்பத்தி நாலரைதான்.

35 அங்குலத் துண்டு முப்பத்தி நாலரையில் குறுக்கே உட்காராது. வெட்டுகிறவர் வேறு வழியில்லாமல் துண்டைத் துணியின் நீளவாக்கில் திருப்பிப் போட்டிருக்கிறார். அப்போது பன்னாவில் இரண்டு துண்டு, 15-ம் 15-ம் 30 அங்குலம். மிச்சம் நாலரை அங்குலம் நாடாவாகப் போகிறது. இரண்டு பைக்கு 35 அங்குலம் ஓடுகிறது, ஒரு பைக்குப் பதினேழரை. முன்பு 15 தான் ஓடியது. இந்தக் கணக்கில் ஆயிரம் பைக்கு 444 மீட்டர் ஆகும். அதே ஐந்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 467. உண்மையில் ஆனது 470. அதாவது கூடுதல் 70 மீட்டரில் 67 மீட்டர் பன்னா குறைந்ததால் போனது. வெட்டுகிற கையால் போனது மூன்று மீட்டர்தான்.

ஆகவே 2,820 ரூபாய் சாதகத்தையும் 4,200 ரூபாய் பாதகத்தையும் தனித்தனி ஆளுக்குத் தனித்தனியாக எழுதினால் அநியாயமாகிவிடும். இரண்டும் ஒரே முடிவிலிருந்து வந்தவை. பன்னாவை அளக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியதே அந்த முடிவு. ஒரு வித்தியாசம் சாதகமாகவும் இன்னொன்று பாதகமாகவும் ஒரே மாதத்தில் வந்தால், முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். பன்னா மட்டும் இல்லை. மெல்லிய துணி, நெசவுப் பழுது அதிகமுள்ள துணி, கஞ்சி ஏற்றிய துணி எதுவானாலும் கதை இதேதான்.

எல்லா மாதமும் இப்படி இருக்காது. வேறொரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். விலை 69 ரூபாய், ஆயிரம் பைக்கு ஓடிய துணி 405 மீட்டர். விலை வித்தியாசம் ஒன்பது பெருக்கல் 405, 3,645 ரூபாய் பாதகம். அளவு வித்தியாசம் ஐந்து மீட்டர், 300 ரூபாய் பாதகம். மொத்தம் 3,945. போன உதாரணத்தைவிட நஷ்டம் பெரிசு. ஆனாலும் வெட்டும் மேசையில் திருத்த ஒன்றும் இல்லை. 2022 மே மாதத்தில் பஞ்சு விலை 356 கிலோ கண்டிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. திருப்பூர், கரூர் பக்கம் தொழிலையே நிறுத்திப் போராடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எந்த அக்கா போய்ப் பேரம் பேசினாலும் 60-க்குக் கிடைக்காது. அந்த விலை வித்தியாசம் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. அடுத்த ஆர்டருக்குப் பழைய விலையில் ஒத்துக்கொள்ளாதே என்றுதான் சொல்கிறது. விலை ஏற்றம் நிலைக்கும் என்று தெரிந்தால் நிர்ணய விலையையே மாற்றி எழுதவேண்டும். மாற்றாவிட்டால் மாதா மாதம் ஒரே பாதகம் வந்துகொண்டிருக்கும், கொஞ்ச நாளில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் ஒரு தப்பைச் சொல்லவேண்டும். நிர்ணய அளவைத் திட்டமிட்ட பைக்குப் போடக்கூடாது, தைத்து முடித்த நல்ல பைக்குத்தான் போடவேண்டும். 1,200 பைக்குத் திட்டம், அதற்கு 480 மீட்டர் என்று எழுதியிருக்கும். தைத்தது ஆயிரம், ஓடியது 470. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 10 மீட்டர் மிச்சம் பிடித்தது மாதிரித் தெரியும். உண்மையில் 70 மீட்டர் போயிருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட பையையும் எண்ணிக்கையில் சேர்த்தால் இதே ஏமாற்றுதான்.

இன்னொன்று காலம். விலை வித்தியாசத்தைப் பில் வந்த அன்றைக்கே, வாங்கிய முழு அளவுக்கும் போட்டுவிடலாம். பை தைத்து முடியும்வரை காத்திருக்கவேண்டாம். நம் உதாரணத்தில் வாங்கியதும் ஓடியதும் ஒரே 470 என்பதால் சுலபமாகப் போச்சு. துணி வாங்கி மூன்று மாதம் ரேக்கில் கிடந்தால், மூன்று மாதம் கழித்து வருகிற செய்தியால் பிரயோஜனம் இல்லை. அளவு வித்தியாசத்தை ஒவ்வொரு லாட் வெட்டி முடித்ததும் போடவேண்டும். அப்போதுதான் குப்பைக் கூடை காலியாவதற்கு முன்னால் பார்க்கமுடியும்.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லையும் உண்டு. அது எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. 4,200 என்ற எண்ணுக்குள் முப்பத்தி நாலரை அங்குலம் எழுதியிருக்கவில்லை, டேப்தான் சொன்னது. நிர்ணயமே தப்பாக இருந்தாலும் கணக்கு நம்மை ஏமாற்றும். ஐந்து சதவீதச் சேதாரத்துக்குப் பதில் பதினைந்து என்று தாராளமாக எழுதி வைத்தால், பத்து சதவீதம் வீணானாலும் சாதகம் என்றே காட்டும்.

இதற்கு வேண்டியது பெரிய லெட்ஜர் இல்லை. துணி வந்ததும் பில்லின் பின்பக்கம் மூன்று விவரம்: மீட்டர், விலை, அளந்து பார்த்த பன்னா. லாட் முடிந்ததும் வெட்டுச் சீட்டில் மூன்று விவரம்: எடுத்த மீட்டர், திரும்பிய மீட்டர், தேறிய பை. இந்த இரண்டு சீட்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். மாதக் கூட்டத்தில் வித்தியாசம் படிக்கிறபோது, துணி வாங்கினவரும் வெட்டினவரும் இரண்டு பேருமே அங்கே இருக்கவேண்டும். ஒருவர் இல்லாமல் படித்தால் பாதிக் கணக்குதான் தெரியும்.