லைட்டருக்குத் தடை, பில் யாருக்கு?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒண்ணு: "ஒரு நாட்டுல கோடிக்கணக்கான பேர் நஷ்டப்பட்டு, சில நூறு பேர் லாபம் அடையிற மாதிரி ஒரு முடிவு எப்படி ஜனநாயகத்துல நடக்கும்? ஓட்டு அதிகம் இருக்கிறவங்கதானே ஜெயிக்கணும்?" இதுக்குப் பதில் சொல்ல நான் எடுத்துக்கிட்டது ரொம்பச் சின்னப் பொருள். பெட்டிக்கடையில தொங்குற சிகரெட் லைட்டர்.

2023 ஜூன் கடைசியில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஒரு அறிவிக்கை போட்டது. ஒரு லைட்டரோட இறக்குமதி மதிப்பு, அதாவது அதோட விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து, 20 ரூபாய்க்குக் கீழே இருந்தா இறக்குமதி பண்ணக் கூடாது. 20 ரூபாயும் அதுக்கு மேலேயும் இருந்தா தாராளமா பண்ணலாம். அவ்வளவுதான் உத்தரவு.

இதைக் கேட்டது யார்? தென் தமிழ்நாட்டோட தீப்பெட்டித் தொழில். கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர், சங்கரன்கோவில் வட்டாரம். 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின், மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒண்ணு இருபது தீப்பெட்டியோட இடத்தைப் பிடிச்சிடுது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரோட வேலை இதுல இருக்கு, அதுல பெரும்பாலானவங்க பெண்கள், அதனால தடை பண்ணுங்கன்னு கேட்டார். மத்த எல்லா விஷயத்திலும் மோதிக்கிற ரெண்டு கட்சி. சென்னையில திமுக கேட்டது, டெல்லியில பாஜக கொடுத்தது. எதிர்த்துப் பேச ஆளே இல்லை. அந்த 'ஆளே இல்லை'தான் இன்னைக்கு நம்ம விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உண்மையான புள்ளிவிவரம் இல்லை, புரியிறதுக்காக நான் வச்சுக்கிற எண்கள். இந்தத் தடையால ஒருத்தருக்கு வருஷத்துக்கு இருபது ரூபாய் கூடுதலா செலவாகுதுன்னு வைங்க. அப்படி ஒரு கோடிப் பேர் இருந்தா மொத்தம் இருபது கோடி. அந்தப் பணம் முழுக்க நானூறு ஆலைகளுக்குப் போச்சுன்னா ஒரு ஆலைக்கு அஞ்சு லட்சம். இப்போ சொல்லுங்க, இருபது ரூபாய்க்காக நீங்க டெல்லிக்கு ரயில் ஏறுவீங்களா? மனு எழுதுவீங்களா? உங்க எம்.பி. யாருக்கு ஓட்டுப் போட்டார்னு தேடுவீங்களா? மாட்டீங்க. அதுதான் புத்திசாலித்தனமும். ஆனா அஞ்சு லட்சம்னா ரயில் டிக்கெட், வக்கீல், சங்கத்துச் சந்தா எல்லாமே கட்டுப்படியாகும். எண்ணிக்கையில ஒரு கோடிப் பேர் தோத்து, நானூறு பேர் ஜெயிக்கிறது இப்படித்தான். 1965-ல மான்கர் ஓல்சன்ங்கிற பொருளியலாளர் எழுதின புத்தகத்தோட சாரம் இதுதான்: சின்னக் குழு சுலபமா ஒண்ணு சேரும், பெரிய கூட்டம் சேராது.

ஒண்ணு சேர்றதுன்னா என்னன்னு தீப்பெட்டியிலேயே பார்க்கலாம். 2021 அக்டோபரில் ஐந்து உற்பத்தியாளர் சங்கங்களோட பிரதிநிதிகள் சிவகாசியில கூடினாங்க. மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறிடுச்சு, அதனால டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து ரெண்டு ரூபாய்னு முடிவு பண்ணாங்க. பதினாலு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் விலை உயர்வு. குச்சியும் கூடும்னு சொன்னாங்க. காரணங்கள் நியாயமானவைதான். ஆனா கவனிங்க: ஒரு அறையில உட்கார்ந்து மொத்தத் தொழிலுக்கும் ஒரே விலையை அவங்களால முடிவு பண்ண முடியுது. தீப்பெட்டி வாங்குறவங்களுக்கு அப்படி ஒரு அறையே கிடையாது.

இந்த மாதிரி, புதுசா எதையும் உண்டாக்காம, சட்டத்தையோ தடையையோ உரிமத்தையோ பயன்படுத்தி அடுத்தவங்க பையிலிருந்து வருமானம் எடுக்குறதுக்கு 'ரென்ட் சீக்கிங்'னு பேரு. வீட்டு வாடகைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. பேர் வச்சவர் ஆன் க்ரூகர், 1974-ல. அவர் எடுத்துக்கிட்ட முதல் உதாரணமே இந்தியாதான். அந்தக் காலத்து இறக்குமதி உரிமங்கள் மாதிரியான கட்டுப்பாடுகளால உண்டான இப்படிப்பட்ட வருமானம், 1964-ல நம்ம தேசிய வருமானத்துல 7.3 சதவீதம்னு கணக்கிட்டார். அவர் சொன்ன முக்கியமான விஷயம் இது: நஷ்டம் விலை ஏற்றத்தோட முடியுறதில்லை. அந்தச் சலுகையைப் பிடிக்கிறதுக்காக அலையுற நேரம், பணம், மூளை எல்லாமே வீண்.

லைட்டர்ல அந்த அலைச்சல் தொடர்ந்தது. முழு லைட்டருக்குத் தடைன்னதும், அதோட பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பொருத்தி விக்கிறதா தீப்பெட்டிக்காரங்க புகார் சொன்னாங்க. மறுபடியும் மனு, மறுபடியும் டெல்லி. 2024 அக்டோபரில் பாக்கெட் லைட்டர் பாகங்களோட இறக்குமதிக்கும் தடை வந்தது. ஒரு தடை அடுத்த தடையைக் கேட்கும். அதுதான் இதோட இயல்பு.

இதுவரைக்கும் ஒரே ஒரு குழுவோட கதை. சட்டமன்றம், நாடாளுமன்றம், மன்றம்னு வந்தா பல குழுக்கள் இருக்கும். அங்கேதான் 'லாக்ரோலிங்' வருது. நீ எனக்குக் கை தூக்கு, நான் உனக்குக் கை தூக்குறேன். கார்டன் டல்லாக் 1959-ல இதை விவசாயிகளும் கிராமச் சாலைகளும் வச்சு விளக்கினார். நாம அதைச் சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூருக்குக் கொண்டுவருவோம். அது ஒரு ஊராட்சி ஒன்றியத்தோட தலைமையிடமும் கூட. கற்பனையா ஒரு ஒன்றியக் குழு, அஞ்சு வார்டு, அஞ்சு உறுப்பினர்னு வச்சுக்கலாம்.

ஒரு வார்டுக்குச் சாலை போட பத்து லட்சம் ஆகும். செலவை அஞ்சு வார்டும் சமமாப் பகிருது, அதாவது ஆளுக்கு ரெண்டு லட்சம். அந்தச் சாலையால அந்த வார்டுக்குக் கிடைக்கிற பலன் ஏழு லட்சம்தான். பத்து லட்சம் போட்டு ஏழு லட்சம் பலன், போடக் கூடாத சாலை. தனியா ஓட்டுக்கு வந்தா ஒருத்தர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு, தோத்துடும். சரிதான்.

இப்போ மூணு உறுப்பினர்கள் டீக்கடையில பேசி முடிக்கிறாங்க. மூணு சாலையும் ஒரே தீர்மானமா வருது. மொத்தச் செலவு முப்பது லட்சம், ஒவ்வொரு வார்டுக்கும் ஆறு லட்சம். அந்த மூணு வார்டும் ஆறு கொடுத்து ஏழு வாங்குது, ஆளுக்கு ஒரு லட்சம் லாபம். மீதி ரெண்டு வார்டும் ஆறு கொடுத்து ஒண்ணுமே வாங்கலை. மூணுக்கு ரெண்டுன்னு தீர்மானம் ஜெயிக்குது. ஒன்றியம் மொத்தமா முப்பது லட்சம் செலவழிச்சு இருபத்தொரு லட்சம் பலன் வாங்குது. ஒன்பது லட்சம் காணாமப் போச்சு. லஞ்சம் இல்லை, திருட்டு இல்லை, ஓட்டு எண்ணினதுல தப்பு இல்லை. எல்லாரும் தன் வார்டுக்காகத்தான் உழைச்சாங்க.

அமெரிக்காவுல இது நிஜமாவே பெரிய அளவுல நடந்தது. 1930-ல வந்த ஸ்மூட்-ஹாலி சுங்கச் சட்டம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைத் தொட்டது. என் தொகுதிச் சர்க்கரைக்கு நீ, உன் தொகுதித் துணிக்கு நான். ஆனா நம்ம நாட்டுல 1985-ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததுக்கு அப்புறம், ஒரு எம்.எல்.ஏ. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவி போயிடலாம். அதனால தனி உறுப்பினர் ஓட்டை வச்சுப் பேரம் பேசுறது இங்கே கஷ்டம். பேரம் நின்னு போச்சா? இல்லை, சபைக்கு வெளியே இடம் மாறிடுச்சு. கட்சிக்கும் கட்சிக்கும் நடுவுல, கூட்டணிக்குள்ள. 2024 ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி, பீகார் சாலைகளுக்கு 26,000 கோடின்னு அறிவிப்பு வந்தப்போ, தெலுங்கு தேசத்தோட ஆதரவுக்கும் ஐக்கிய ஜனதா தளத்தோட ஆதரவுக்கும் கொடுத்த விலைன்னு எதிர்க்கட்சிகள் சொன்னது இந்த அர்த்தத்தில்தான். லைட்டர் விஷயத்துல அந்த அளவுக்குக்கூடப் போகலை. நாடாளுமன்றத்துல மசோதாவும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஏற்கனவே இருக்கிற 1992-ஆம் வருஷச் சட்டத்தின் கீழே ஒரு அறிவிக்கை, அவ்வளவுதான்.

இப்போ ஒரு நியாயமான எதிர்க்கேள்வி. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குற பெண்கள் ரொம்பக் குறைஞ்ச கூலிக்கு வேலை பார்க்கிறவங்க. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் குப்பை உண்மையான பிரச்சினை. அப்போ இந்தத் தடை நல்லதுதானே?

நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, உத்தரவோட வார்த்தைகளைப் படிங்க. சொன்ன காரணமும் போட்ட விதியும் பொருந்துதான்னு பாருங்க. பிளாஸ்டிக்தான் பிரச்சினைன்னா, 20 ரூபாய்க்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைட்டரும் பிளாஸ்டிக்தான், அதை உள்ளே விடுறோம். உள்நாட்டுல செய்யுற லைட்டரும் குப்பைக்குத்தான் போகுது, அதை இந்தத் தடை தொடவே இல்லை. பாதுகாப்புதான் பிரச்சினைன்னா, அதுக்கு 2023 ஜூலையிலேயே தனியா ஒரு தரக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அது உள்நாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு ரெண்டுக்கும் பொருந்தும். ஆனா இறக்குமதித் தடையோட கோடு விலையில விழுது. மலிவா வர்ற போட்டியை மட்டும் வெட்டுற கோடு அது.

அடுத்து, பலன் யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க. தடையில கூலி பத்தி ஒரு வார்த்தை கிடையாது. தீப்பெட்டி விற்பனை கூடினா, அந்த லாபத்துல எவ்வளவு ஆலை முதலாளிக்கு, எவ்வளவு இயந்திரத்துக்கு, எவ்வளவு குச்சி அடுக்குறவங்களுக்குன்னு எந்த விதியும் சொல்லலை. ஒரு பகுதி தீப்பெட்டிக்கே வராம, உள்நாட்டு லைட்டர் தயாரிப்பாளருக்குப் போகலாம். கடிதத்துல முன்னால நின்னது அந்தப் பெண்கள். உத்தரவுல அவங்க இல்லை.

அந்தப் பெண்களுக்கு உதவணும்னா வேற வழி இருக்கு. அரசே கூலியோட நேரடியா ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தா அது பட்ஜெட்டில் ஒரு வரியா வரும். மானியக் கோரிக்கை விவாதத்துல எத்தனை பேருக்குப் போச்சு, எவ்வளவு போச்சுன்னு எந்த உறுப்பினரும் வருஷா வருஷம் கேட்கலாம். அதனாலதான் அந்த வழியை யாரும் விரும்பிக் கேட்கிறதில்லை. இறக்குமதித் தடைக்குப் பட்ஜெட்டில் வரி கிடையாது, முடியுற தேதி கிடையாது. அதோட செலவு பெட்டிக்கடைக்காரர் திருப்பித் தர்ற சில்லறையில குறையுது. அதுக்கு அவர் ரசீது தர்றதில்லை.