பாட்டியின் நிறம்



நம் இல்லங்கள் பலவற்றில் மூத்தோர் படம் என்று எஞ்சியிருப்பது ஒன்றோ இரண்டோதான். அத்தகைய ஒரு படத்தைச் செப்பனிட்டு, வண்ணமூட்டி, குடும்ப மரச் சுவரொட்டியில் ஏற்றிய அனுபவத்தை இங்கே கூற விழைகின்றோம்.

உறுப்பினர் ஒருவர் கொணர்ந்த அப்படம் 1958-இல் எடுக்கப்பட்டது. மஞ்சள் படிந்து, நடுவே மடிப்பு விழுந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படந்தானே என்று கறுப்பு வெள்ளையிலேயே ஸ்கேன் செய்துவிடுவது பலரும் செய்யும் பிழை. நாங்கள் அதனை வண்ணத்திலேயே, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் எடுத்தோம். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று படலங்களால் ஆனது. மஞ்சள் கறை நீலப் படலத்திலே கருமையாகத் தெரியும். சிவப்புப் படலத்திலோ பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே சிவப்புப் படலத்தை மட்டும் பிரித்தெடுத்தோம். கறையின் பெரும்பகுதி தானே அகன்றது. மடிப்பை அருகிலுள்ள பகுதியின் நகலால் மூடினோம். மூலக் கோப்பைத் தொடவில்லை.

பின்னர் தானாக வண்ணமூட்டும் மென்பொருள் ஒன்றில் இட்டோம். பாட்டியார் வெளிர் கோதுமை நிறத்தில், நீலப் புடவையில் வந்து நின்றார். "இவர் எங்கள் பாட்டியே அல்லர்" என்றார் பேரன். அவர் கூற்று மெய்யே. பழைய படத்தில் ஒளியின் ஏற்றத்தாழ்வு உண்டே தவிர நிறம் இல்லை. மென்பொருள் தான் பழகிய முகங்களைக் கொண்டு ஊகிக்கிறது. அதோடு நில்லாமல், முகத்தை மெருகேற்றுவதாக எண்ணி வெளுக்கவும் வைத்திருந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: நெற்றியில் ஒரே இடத்தின் ஒளியளவை மூலத்திலும் வண்ணப் படத்திலும் ஒப்பிட்டால் போதும், கூடியிருந்தால் அது வெளுப்பு. வாழ்நாளெல்லாம் வெயிலில் நாற்று நட்டவரை வெளுத்துக் காட்ட நமக்கு என்ன உரிமை?

அதனைக் களைந்து கையாலேயே தீட்டினோம். வண்ண அடுக்கின் கலப்பு முறையை Color என்று வைத்தால் அடியிலுள்ள ஒளியளவு மாறாது. பாட்டியாரின் சாயலை அப்படியே கொண்ட மகளாரை நிழலில், பகலொளியில் படமெடுத்து, நெற்றி, கன்னம், கழுத்து ஆகிய இடங்களின் நிறத்தைத் தொட்டெடுத்தோம். 1958-இல் பத்து வயதுச் சிறுமியாய் அப்படத்தில் நிற்பவரும் அவரே. புடவை அரக்கு என்று அவரே நினைவுகூர்ந்தார். தாத்தாவின் சட்டை நிறம் எவருக்கும் நினைவில்லை. அதைச் சாம்பலாகவே விட்டோம்.

இனி இன்றைய கைப்பேசிப் படங்களை உடன் சேர்க்க வேண்டும். பாட்டியாரின் தலை பழைய படத்தில் அரை அங்குலம். ஸ்கேனில் 300 புள்ளிகள். தெளிவாக அச்சிட அங்குலத்திற்கு 300 புள்ளிகள் தேவை. எனவே ஓர் அங்குலத்திற்கு மேல் பெரிதாக்க இயலாது. அவ்வளவையே மரத்திலுள்ள அனைவர் தலைக்கும் அளவாகக் கொண்டோம். புதிய படங்களின் வண்ணச் செறிவைக் குறைத்து, சிறிது துகளும் தூவினோம். இல்லையேல் பேரப்பிள்ளைகள் சுவரிலிருந்து குதிப்பவர் போலவும், மூத்தோர் பின்னே மங்குபவர் போலவும் தோன்றும்.

முப்பாட்டனாருக்குப் படமே இல்லை. பேரனின் முகத்தைக் கொண்டு ஒன்றை உருவாக்கலாம் என்று இளைஞர் சிலர் கூறினர். நாங்கள் இசையவில்லை. சட்டத்தை வெறுமையாக விட்டு, அதனுள் அவர் பெயரை மட்டும் எழுதினோம்.