கப்பலில் இடம் கேட்பது எப்படி?

மாணவ நண்பர்களே, திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவன் நான். ஒரு கடிதத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஐரோப்பியக் கடைகளில் கிறிஸ்துமஸுக்கு விற்க வேண்டிய ஆடைகள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கப்பலேற வேண்டும். எல்லா வணிகரும் அப்போதே அனுப்புவதால் இடம் அரிதாகிவிடும். கப்பல் கம்பெனிகளிடம் நமக்காக இடம் பிடித்துத் தருபவரைச் சரக்கு முகவர் என்கிறோம்.

என் முதல் ஆண்டில், ஆகஸ்டுத் தொடக்கத்தில்தான் அவருக்கு எழுதினேன்: "இம்மாதம் நான்கு பெரிய கண்டெய்னர் அனுப்புவேன், இடம் வேண்டும்." வாரத்திற்கு ஒன்று என்று அவர் எண்ணிக்கொண்டார். எனக்கோ மூன்றாம் வாரத்தில் இரண்டு தேவைப்பட்டன. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு செல்லும் சிறு கப்பலில் இடம் இருந்தது. ஆனால் அங்கிருந்து ஹாம்பர்க் செல்லும் பெருங்கப்பல் நிறைந்துவிட்டது. ஒரு கண்டெய்னர் கொழும்பிலேயே தங்கியது. அதற்கு ஈடான சரக்கை மீண்டும் தைத்து விமானத்தில் அனுப்பியதில் அவ்வாண்டின் இலாபம் கரைந்தது.

கப்பல் வாரந்தோறும் புறப்படுகிறது. சென்ற வாரம் காலியாகப் போன இடம் இந்த வாரத்திற்கு உதவாது. ஆகவே மொத்தக் கணக்கு பயன்படாது. வாரக் கணக்கே வேண்டும்.

மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே எழுதினேன். எங்கள் அட்டைப்பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம், கொள்ளளவு 0.096 கன மீட்டர். 580 பெட்டிகள் ஏறக்குறைய 56 கன மீட்டர். ஒரு 40 அடிக் கண்டெய்னர் நிறையும். முதல் வாரம் 290 பெட்டிகள், இரண்டாம் வாரம் 580, மூன்றாம் வாரம் 1,160, நான்காம் வாரம் 290 என்று குறித்தேன். ஆக, முதல் வாரத்திற்கும் கடைசி வாரத்திற்கும் ஒவ்வொரு 20 அடிக் கண்டெய்னர், இரண்டாம் வாரத்திற்கு 40 அடியில் ஒன்று, மூன்றாம் வாரத்திற்கு 40 அடியில் இரண்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் எடை, சேருமிடம், சரக்கு ஆயத்தமாகும் நாள் ஆகியவற்றையும் எழுதினேன். துறைமுகம் கண்டெய்னரை ஏற்கும் கடைசி நாள் கப்பல் புறப்படுவதற்கு முன்பே வந்துவிடும் அல்லவா?

மேலும் ஒரு குறிப்பைச் சேர்த்தேன்: "மூன்றாம் வாரத்தின் இரண்டாவது கண்டெய்னர் உறுதியன்று, சாயப்பட்டறையைப் பொறுத்தது. பத்து நாள் முன்னதாக உறுதி சொல்வேன்." முகவர் உறுதியானவற்றுக்கு ஒரு கம்பெனியிலும், ஐயத்திற்குரியதற்கு வேறொரு கம்பெனியிலும் இடம் பேசினார். சொன்ன நாளில் நானும் உறுதி சொன்னேன். அனைத்தும் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தன.

எனக்குத் தெரிந்த வணிகர் ஒருவர், எதற்கும் இருக்கட்டுமென்று இரு மடங்கு இடம் கேட்டார், பாதியை நிரப்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் தந்த கணக்கை முகவர் நம்பவில்லை; உண்மையிலேயே தேவைப்பட்டபோது பாதி இடமே கிடைத்தது. வாரக் கணக்கைச் சொல்லாததால் நான் பட்டதை, கூட்டிச் சொன்னதால் அவர் பட்டார்.