கடைசி நாலு வாரம்: ஓவர்டைமை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

ரிலீஸுக்கு நாலு வாரம் இருக்கு, வேலை ஆறு வாரத்துக்குக் கிடக்கு. இந்த நிலைமை உங்க டீம்ல வந்திருந்தா இந்த எபிசோட் உங்களுக்குத்தான். நான் பல வருஷமா சாஃப்ட்வேர் டீம்களோட டெலிவரி பார்த்துக்கிட்டு வர்றேன். ரிலீஸ் முடிஞ்ச கையோட ரெண்டு பேர் பேப்பர் போடுற டீமையும் பார்த்திருக்கேன், அதே அளவு வேலையை முடிச்சுட்டு எல்லாரும் ஒண்ணா பிரியாணி சாப்பிடப் போற டீமையும் பார்த்திருக்கேன். வித்தியாசம் பெரும்பாலும் முதல் திங்கட்கிழமை போடுற கணக்குலயே இருக்கு. இன்னைக்கு அந்தக் கணக்கை ஒரு உதாரணத்தோட போட்டுப் பார்ப்போம்.

ஒரு துணிக்கடையோட ஷாப்பிங் ஆப். தீபாவளி விற்பனைக்கு முன்னாடி வெளியாகணும். டீம்ல ஆறு பேர். நாலு வாரம் இருக்கு. வாரத்துக்கு ஆளுக்கு 40 மணி நேரம் ஆபீஸ். ஆனா மீட்டிங், ரிவ்யூ, சப்போர்ட் கால் எல்லாம் போக, உட்கார்ந்து உருப்படியா வேலை செய்யக் கிடைக்கிறது 28 மணி நேரம்னு வெச்சுக்குவோம். உங்க டீமுக்கு இது எவ்வளவுன்னு போன ரெண்டு வாரத்து காலண்டரைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். 40ஐ வெச்சுக் கணக்குப் போட்டா அங்கேயே திட்டம் பொய்யாயிடும்.

அடுத்து, நாலாவது வாரத்தைத் தனியா எடுத்து வெச்சுடுங்க. அது டெஸ்டிங்குக்கும், கண்டுபிடிச்ச பிழையைச் சரி பண்றதுக்கும் மட்டும். புது அம்சம் எதுவும் அந்த வாரத்துல உள்ளே வரக் கூடாது. ஆக, கட்டுற வேலைக்கு மூணு வாரம்தான். ஆறு பேர், 28 மணி, மூணு வாரம்: 504 மணி நேரம். பட்டியல்ல மிச்சம் இருக்கிற வேலை 580 மணி நேரம். பற்றாக்குறை 76.

இந்த இடத்துல மேனேஜர் வழக்கமா என்ன சொல்வார்? "எல்லாரும் தினம் ரெண்டு மணி நேரம் சேர்த்துப் போடுங்கப்பா, நாலு வாரம்தானே." காகிதத்துல அது 240 மணி நேரம். 76க்கு மூணு மடங்கு! அப்புறம் ஏன் கடைசி வாரத்துலயும் வேலை முடியாம கிடக்கு?

முதல் காரணம், பத்தாவது மணி நேரமும் மூணாவது மணி நேரமும் ஒண்ணு இல்லை. முதல் உலகப் போர் காலத்துல பிரிட்டன்ல வெடிமருந்துத் தொழிற்சாலைகள்ல வேலை செஞ்சவங்களோட நேரத்தையும் உற்பத்தியையும் குறிச்சு வெச்சிருந்தாங்க. பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் அந்தக் கணக்குகளைத் திரும்ப எடுத்து ஆராய்ஞ்சார். வாரத்துக்கு கிட்டத்தட்ட 49 மணி நேரம் வரைக்கும் நேரத்துக்கு ஏத்த மாதிரி உற்பத்தி ஏறுது. அதுக்கு மேல ஏற்றம் குறைஞ்சுக்கிட்டே போகுது. 70 மணி நேரம் வேலை செஞ்ச வாரத்துல கிடைச்சது, 56 மணி நேரத்துல கிடைச்சதை விட பெருசா ஒண்ணும் கூடலை. அது தொழிற்சாலை, நம்ம வேலை கோடிங், அதனால அந்த எண்ணை அப்படியே இங்க ஒட்ட முடியாது. ஆனா நம்ம வேலைல ஒரு சிக்கல் கூடுதல். தூக்கக் கலக்கத்துல எழுதின கோட் அடுத்த வாரம் பிழையா திரும்பி வரும், அதைச் சரி பண்ண இன்னொரு நாள் போகும்.

ரெண்டாவது காரணம், பற்றாக்குறை எல்லார்கிட்டயும் சமமா இல்லை. பேரு பேரா பிரிச்சுப் பாருங்க. நம்ம உதாரணத்துல பேமென்ட் பகுதி தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர்தான். அவங்ககிட்ட இருக்கிற நேரம் 84 மணி, தலைமேல இருக்கிறது 120. அதாவது 76ல 36 மணி நேரம் அவங்க ஒருத்தர் மேலயே விழுது. மத்த அஞ்சு பேரும் ராத்திரி பத்து வரைக்கும் உட்கார்ந்தாலும் அந்த 36 குறையாது. "புதுசா ஒருத்தரை எடுத்துப் போடலாமே"ன்னு கேட்டா, ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே எழுதிட்டார்: தாமதமான ப்ராஜெக்ட்ல ஆள் சேர்த்தா அது இன்னும் தாமதமாகும். ஏன்னா புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் அதே பேமென்ட் ஆள்தான்.

அதனால அவங்ககிட்டேர்ந்து ஆரம்பிப்போம். அவங்க பார்க்கிற சப்போர்ட் கால், மத்தவங்க கோடுக்கு ரிவ்யூ, ரெண்டு மீட்டிங், இதையெல்லாம் மத்த அஞ்சு பேர்கிட்ட மாத்தினா வாரத்துக்கு 5 மணி நேரம் மிச்சம், மூணு வாரத்துல 15. மீதி 21. தவணை முறைல பணம் கட்டுற வசதியை தீபாவளிக்கு அப்புறம்னு தள்ளினா 16 மணி நேரம் குறையும். இப்போ வெறும் 5 மணி நேரம்தான் இடிக்குது.

மத்த அஞ்சு பேருக்கு ஏற்கெனவே 40 மணி நேரம் பற்றாக்குறை, புதுசா வந்த 15ஓட 55. பரிசுப் புள்ளி பக்கத்தையும் விருப்பப் பட்டியலைப் பகிர்ற வசதியையும் தள்ளி வெச்சா 35 போயிடும். மீதி 20.

இப்பதான் ஓவர்டைம் பேச்சு. அதை ரெண்டாவது வாரத்துல மட்டும் வைக்கிறேன். முதல் வாரம் எதை வெட்டுறதுன்னு பேசி முடிக்கவே நேரம் போகும், அப்போ ராத்திரி உட்கார்ந்தா தள்ளிப் போகப் போற வேலையைத்தான் செஞ்சுக்கிட்டிருப்பாங்க. மூணாவது வாரம் முடிஞ்சதும் டெஸ்டிங் வருது, அதுக்கு தெளிஞ்ச மூளையோட வரணும். ரெண்டாவது வாரத்துல அஞ்சு பேருக்கு ஆளுக்கு 6 மணி நேரம், பேமென்ட் பார்க்கிறவருக்கு 8. இதுல முக்கால் பங்குதான் உருப்படியா தேறும்னு எடுத்துக்கிறேன். அது அளந்து சொன்ன எண் இல்லை, என் எச்சரிக்கை. அஞ்சு பேரோட 30க்கு 22 சொச்சம், அந்த ஒருத்தரோட 8க்கு 6. ரெண்டு பற்றாக்குறையும் அடைஞ்சுடுச்சு. மொத்த ஓவர்டைம் 240 இல்லை, 38.

அந்த 38ஐயும் கடனாத்தான் பார்க்கணும். ரிலீஸுக்கு அடுத்த வாரம் யார் எந்த நாள் லீவுன்னு, ஓவர்டைம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காலண்டர்ல போட்டுடுங்க. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்ட காம்ப் ஆஃப் பெரும்பாலும் வராது. அடுத்த ப்ராஜெக்ட் திட்டத்துலயும் அந்த மணி நேரத்தைக் கழிச்சுட்டுத்தான் தேதி சொல்லணும். எந்த நேரத்துல சேர்த்து வேலை செய்றதுன்னு அவங்கவங்க முடிவு பண்ணட்டும். வீட்ல குழந்தை இருக்கிறவருக்கு காலை ஆறு மணி வசதியா இருக்கலாம், தாம்பரம் தாண்டிப் போறவருக்கு சாயங்காலம் வீட்லேர்ந்தே செய்றது வசதியா இருக்கலாம்.

திட்டம் தப்பா போகுதுன்னு எப்படித் தெரியும்? யாரும் வாய்விட்டு "முடியலை"ன்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டு விஷயத்தைப் பாருங்க. ஒண்ணு, மூடின பிழைகள் திரும்பத் திறக்கப்படுறது கூடுதா? ரெண்டு, ரிவ்யூல கேள்வியே இல்லாம "லுக்ஸ் குட்" மட்டும் வருதா? ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா டீம் களைச்சுடுச்சு. அப்போ மணி நேரம் கூட்டாதீங்க, பட்டியல்ல இன்னொரு வரியை வெட்டுங்க. அதுக்காகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கணக்கை பேரு பேரா திரும்பப் போடணும், ஏன்னா நம்ம மதிப்பீடு எல்லாம் ஊகம்தான்.

இன்னொண்ணு. எதை வெட்டுறதுன்னு டீம் தனியா முடிவு பண்ண முடியாது, கடைக்காரர் ஒத்துக்கணும். அவர்கிட்ட "நேரம் பத்தலை"ன்னு போய் நிக்காதீங்க. "தவணை வசதி தீபாவளிக்கு அப்புறம் வந்தா, பணம் கட்டுற பகுதியை ஒரு வாரம் முழுசா டெஸ்ட் பண்ணலாம். இப்பவே வேணும்னா அந்த டெஸ்டிங் குறையும். எது வேணும்?"னு கேளுங்க. முதல் வாரத்துல கேட்டா அவரால யோசிச்சுப் பதில் சொல்ல முடியும். நாலாவது வாரத்துல கேட்டா அவருக்கும் வழி இல்லை, உங்களுக்கும் வழி இல்லை.

உங்க டீம்ல அந்த 28 எவ்வளவுன்னு கணக்குப் பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.